பூனைக்கு ஏற்ற மண் முயலுக்கு ஆகாது

1947-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காசோபோலிஸ் என்ற சிற்றூர். வீட்டுக்கு வெளியே குவித்து வைத்திருந்த மணல் பனியில் உறைந்து இறுகிவிட்டதால், கே டிரேப்பர் என்ற பெண்மணி அக்கம்பக்கத்தில் வியாபாரம் செய்துவந்த எட் லோவிடம் வந்து, தன் பூனையின் பெட்டிக்குக் கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று கேட்டார். அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பார்த்தால் பூனை வீடு முழுக்கக் கருப்புக் கால்தடம் பதித்துவிடுகிறது என்பது அவருடைய தொல்லை. எட் லோவின் குடும்பம், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சுவதற்கான மரத்தூள், களிமண் குருணை போன்றவற்றை விற்றுவந்தது. மணலுக்குப் பதிலாக இதைப் போட்டுப் பாருங்கள் என்று அவர் ஒரு பை களிமண் குருணையைக் கொடுத்தனுப்பினார். சில நாளில் அந்தப் பெண்மணி இன்னொரு பை கேட்டு வந்து நின்றார்.

அந்தக் களிமண் நமக்கு அந்நியமானதல்ல. முகத்தில் எண்ணெய் வழிந்தால் நம் வீடுகளில் குழைத்துப் பூசும் முல்தானி மெட்டியின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். முகத்து எண்ணெயை இழுக்கும் அதே குணத்தால்தான் அது பூனையின் சிறுநீரையும் இழுத்துக்கொண்டது. 1984-இல் அமெரிக்காவில் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் இன்னொரு படி மேலே போய், பென்டோனைட் என்ற களிமண்ணைப் பயன்படுத்தினார். நனைந்த இடம் மட்டும் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். அதை மட்டும் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இன்று நம் ஊர்ச் செல்லப்பிராணிக் கடைகளில் 'கேட் லிட்டர்' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இந்தக் கட்டிபடும் களிமண்ணைத்தான். இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானிலும் பென்டோனைட் வெட்டி எடுக்கிறார்கள். வீட்டுக்கு எர்த்திங் குழி போடும் எலக்ட்ரீஷியன்கள் அதில் கொட்டுவதும் இதே மண்தான்.

இதன் குணத்தைப் பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் குருணையை மெல்லத் தூவ வேண்டும். குருணை அடியில் போய் உட்காரும். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் தனித்தனிக் குருணை இருக்காது. பிசுபிசுவென்று வெண்டைக்காய்க் குழம்பு போன்ற ஒரு கூழ் உப்பி நிற்கும். பென்டோனைட் சீட்டுக்கட்டு போல மிக மெல்லிய தகடுகள் அடுக்கிய அமைப்புக் கொண்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து தகடுகளைத் தள்ளித் தள்ளி விலக்குகிறது. நல்ல சோடியம் பென்டோனைட் தன் உலர்ந்த அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல்கூட உப்பும். அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பது நல்லது. பூனைக்கு ஏற்ற மண் முயலுக்கு ஏன் ஆகாது என்பதற்கான பதில் அந்தக் கூழில் இருக்கிறது.

பூனை தன் கழிவைப் புதைக்கும் பிராணி. பெட்டிக்குள் இறங்கியதும் முன்னங்காலால் குழி பறிக்கும், வேலை முடிந்ததும் மூடும், பிறகு வெளியே குதித்துவிடும். அந்த இடத்தில் அது எதையும் தின்னாது. காலுக்கடியில் மணல்போல் நுண்ணிய, மெத்தென்ற பொருள் இருந்தால் அதற்குப் பிடிக்கும். பூனைகளின் கழிப்புப் பழக்கத்தை ஆராய்ந்த பீட்டர் போர்ஷெல்ட் 1991-இல் எழுதிய கட்டுரையிலும், பல வகைப் பொருள்களை வைத்துப் பார்த்ததில் நுண்ணிய கட்டிபடும் களிமண்ணையே பூனைகள் அதிகம் நாடின என்று பதிவு செய்திருக்கிறார். வளர்ப்பவருக்கும் இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. தினமும் எத்தனை உருண்டை, எவ்வளவு பெரிய உருண்டை என்று எண்ணிவிடலாம். வழக்கமாக இரண்டு மூன்று உருண்டை எடுக்கும் வீட்டில் திடீரென்று ஆறு பெரிய உருண்டைகள் வந்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ என்று மருத்துவரிடம் காட்ட ஒரு காரணம் கிடைக்கிறது. இந்த எண்ணிக்கையைக் காகிதத்திலோ மரத்திலோ இவ்வளவு எளிதாகப் பிடிக்க முடியாது.

ஆனால் பூனை பறிக்கும்போது அதன் மூக்கு குழியிலிருந்து ஒரு சாண் தூரத்தில்கூட இருப்பதில்லை. களிமண் லிட்டரின் பெரிய குறை அங்கேதான் வருகிறது: தூசி. இருட்டறையில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, புதிய லிட்டரை ஒரு முழ உயரத்திலிருந்து தட்டில் கொட்டிப் பார்த்தால் எழும் புகையே சாட்சி. கண்ணுக்குத் தெரியும் அந்தப் புகை சில நிமிடத்தில் கீழே படிந்துவிடும். அதைவிட நுண்ணியது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். நுரையீரலின் ஆழம் வரை போவது அதுதான். வெட்டியெடுத்த களிமண்ணில் கொஞ்சமாவது படிகச் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ், கலந்திருப்பது வழக்கம். கல்குவாரியிலும் சுரங்கத்திலும் ஆண்டுக்கணக்கில் சிலிக்காத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வருவது தெரிந்த செய்தி. வீட்டில் வாரத்துக்கொரு முறை ஒரு பை கொட்டுவதை அதோடு ஒப்பிட முடியாது, அப்படிப் பயமுறுத்துவதும் நியாயமில்லை. ஆனால் ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பூனைக்கோ வீட்டில் இழுப்புள்ள ஒருவருக்கோ இந்தத் தூசி மூச்சுக்குழாயை உறுத்தித் தொல்லை கொடுக்கும்.

பூனைக்கு ஆஸ்துமா இருப்பதைப் பல வீடுகளில் கண்டுபிடிப்பதே இல்லை. உடலைத் தரையோடு தாழ்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி, 'கஹ்... கஹ்...' என்று இருமும். முடிக்கட்டியை வாந்தியெடுக்கப் பார்க்கிறது என்று நினைத்துவிடுவார்கள். முடி எதுவும் வெளியே வராமல் இப்படி அடிக்கடி நடந்தால், அதுவும் லிட்டர் பெட்டியிலிருந்து வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் நடந்தால், அது மூச்சுக்குழாய்த் தொல்லையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டினால் வார்த்தையில் விவரிப்பதைவிட விரைவில் விஷயம் புரியும்.

களிமண்ணைத் தின்பது அடுத்த ஆபத்து. வளர்ந்த பூனை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போது காலில் ஒட்டிய சில துகள்கள் வயிற்றுக்குள் போவது வழக்கமானது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 1996-இல் வெளியான ஒரு மருத்துவப் பதிவில், கட்டிபடும் களிமண் லிட்டரைத் தின்ற ஒரு பூனை சோர்ந்து, வலுவிழந்து, ரத்தசோகையோடும் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தும் கொண்டுவரப்பட்டது. பென்டோனைட் நஞ்சாக இருக்கலாம் என்றுதான் மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். எதைக் கண்டாலும் வாயில் வைத்துப் பார்க்கும் சின்னக் குட்டிகளுக்கு, மூன்று மாதமாவது ஆகும்வரை, கட்டிபடும் மண்ணைப் போடாமல் காகிதப் பெல்லட்டோ மரப் பெல்லட்டோ போடச் சொல்வது இதனால்தான். வளர்ந்த பூனை திடீரென்று மண் தின்ன ஆரம்பித்தால் பெட்டியை மட்டும் மாற்றினால் போதாது. ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இனி முயலுக்கு வருவோம். முயல் கழிக்கும் இடத்தில்தான் தின்னும். காய்ந்த புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடுவது அதன் இயல்பு. முயலைப் பெட்டிக்குப் பழக்கும் வழியே, பெட்டியின் ஒரு பக்கத்தில் புல்லை வைப்பதுதான். இது போதாதென்று, முயல் தன் மென்மையான முதல் புழுக்கையை நேரடியாக வாயால் எடுத்துத் தின்று இரண்டாம் முறை செரிக்கும். ஆக, பெட்டியில் என்ன கொட்டியிருக்கிறதோ அதில் கொஞ்சம் தினமும் வாய்க்குள் போகும். டம்ளரில் பார்த்த அந்தக் கூழை இப்போது முயலின் குடலில் வைத்துப் பார்க்க வேண்டும். முயலால் வாந்தியெடுக்கவே முடியாது. உள்ளே போனது உப்பி அடைத்துக்கொண்டால் திரும்பி வர வழியில்லை. முயல் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் உட்கார்ந்திருந்தால் அதை அவசரமாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

மூச்சு விஷயத்திலும் முயல் வேறு மாதிரி. அது மூக்கால் மட்டுமே இயல்பாகச் சுவாசிக்கும்; மூக்கடைத்தால் நம்மைப்போல் வாயால் சமாளிக்க அதனால் முடியாது. பெரும்பாலான நேரம் தரையோடு தரையாக, பெட்டிக்குள்ளேயே படுத்துக்கிடக்கும். எனவே முயலுக்குக் களிமண் வேண்டவே வேண்டாம் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அமெரிக்காவில் 1988-இல் தொடங்கி வீட்டு முயல்களுக்காகவே இயங்கிவரும் ஹவுஸ் ராபிட் சொசைட்டியும் இதையே சொல்கிறது: களிமண் வேண்டாம், காகிதமோ, சூட்டில் உலர்த்தி இறுக்கிய மரப் பெல்லட்டோ போடலாம்.

மூன்றில் தூசி மிகக் குறைந்தது காகிதப் பெல்லட். பழைய செய்தித்தாளைக் கூழாக்கி, அழுத்திக் காயவைத்த சிறு உருளைகள் இவை. கருத்தடை அறுவை முடிந்து தையலோடு வரும் பூனைக்கு மருத்துவர்கள் காகிதம் போடச் சொல்வதற்குக் காரணம், காயத்தில் ஒட்ட மணல் துகள் எதுவும் அதில் இல்லை. கிழித்த செய்தித்தாளையே போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு நாளைக்குப் போடலாம்தான். ஆனால் தட்டையான தாள் ஈரத்தைப் பிடித்துவைக்காமல் மேலேயே பரவவிடும், பிராணியின் பாதம் நனைந்துகொண்டே இருக்கும். வாசனை ஏற்றிய காகித லிட்டரைத் தவிர்ப்பதே நல்லது, முக்கியமாக முயலுக்கு.

தூசி இல்லை என்றதும் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். காகிதம் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். வாடையை அடக்குவதில் மற்ற இரண்டுக்கும் பின்னால்தான் நிற்கும். சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. கண்ணைக் கரிக்கும் அந்த நெடி மூக்கின் உட்சவ்வை அரித்து, கிருமி எளிதில் தங்க வழிசெய்துவிடும். சோதனைக்கூட எலிகளை வைத்து 1976-இல் வெளியான ஓர் ஆய்வு, படுக்கையிலிருந்து எழும் அம்மோனியா அவற்றின் சுவாச நோயை மோசமாக்குவதைக் காட்டியது. முயல்களுக்கும் மூக்கில் பாஸ்டுரெல்லா என்ற கிருமி வெளியே தெரியாமல் தங்கியிருப்பது சாதாரணம். பெட்டி நாறும்போது அது தலைதூக்கலாம். தும்மல், வெள்ளைச் சளி, அந்தச் சளியைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால்களின் உட்பக்க முடி பசைபோல் ஒட்டிக்கிடப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். முயலைத் தூக்கும்போது அந்த உட்பக்க முடியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

நெடியைச் சோதிக்கும் முறையும் நிறைய வீடுகளில் தவறு. நின்றபடி முகர்ந்துவிட்டு 'ஒன்றும் வாடை இல்லையே' என்பார்கள். முழங்காலிட்டு, முயல் படுத்திருக்கும் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய் முகர வேண்டும். கூடவே இருப்பவருக்கு மூக்கு பழகிவிடும் என்பதால், வெளியிலிருந்து வீட்டுக்கு வந்த அந்த முதல் நிமிடத்தில் முகர்வதே சரி. அங்கே நெடி லேசாக ஏறினால் பொருள் நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே இடமில்லை, பெட்டியை உடனே மாற்றியாக வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் காகிதம் இன்னும் விரைவில் கெடும். மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

வாடையை அடக்குவதில் கெட்டிக்காரன் மரம். மரப் பெல்லட் என்பது மரத்தூளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் துளை வழியாகப் பிதுக்கி எடுத்த பென்சில் பருமனுள்ள குச்சி. தனியாகப் பசை தேவையில்லை; மரத்திலேயே உள்ள லிக்னின் சூட்டில் இளகி, ஆறியதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் பட்டதும் குச்சி உடைந்து மறுபடியும் ஈர மரத்தூளாகிவிடும். நனைந்தது எது, நனையாதது எது என்று பார்த்தவுடன் தெரியும். ஓட்டை போட்ட தட்டில் போட்டு ஆட்டினால் தூள் கீழே விழ, நல்ல குச்சி மேலே நிற்கும். தூசியைப் பொறுத்தவரை பையின் அடியில் தேங்கும் பொடிதான் தொந்தரவு. கடைசிக் கால் பங்கைச் சல்லடையில் சலித்துவிட்டுப் போட வேண்டும். நனைந்து உடைந்த தூள் ஈரமாக இருக்கும்வரை பறக்காது. பல நாள் விட்டுவைத்துக் காய்ந்தால் பறக்கும்.

மரம் என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1967-இல் எலியட் வெசல் என்ற விஞ்ஞானி 'சயன்ஸ்' இதழில் ஒரு விநோதமான கண்டுபிடிப்பை வெளியிட்டார். சிடார் மரத்தின் சீவலிலும் பைன் சீவலிலும் வளர்ந்த எலிகளுக்கு மயக்கமருந்து கொடுத்தால், மற்ற எலிகளைவிடச் சீக்கிரம் விழித்துக்கொண்டன. அந்த மரங்களின் நறுமணப் பொருள்களை முகர்ந்து முகர்ந்து, அவற்றின் கல்லீரல் மருந்தை உடைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரக்கத் தொடங்கியிருந்தது. எலியில் கண்டது முயலுக்கும் பூனைக்கும் அதே அளவில் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 'கமகம' என்று மணக்கும் மரச் சீவலை இருபத்து நாலு மணி நேரமும் மூக்குக்கடியில் வைப்பது நல்லதல்ல என்பதற்கு இதுவே போதும். பெல்லட் செய்யும்போது உலர்த்தும் சூட்டில் இந்த ஆவியாகும் பொருள்களில் பெரும்பகுதி போய்விடுவதால்தான், பைன் சீவல் வேண்டாம் என்பவர்கள் பைன் பெல்லட்டுக்குச் சம்மதிக்கிறார்கள். சிடார் எந்த வடிவில் வந்தாலும் வேண்டாம்.

நம் ஊரில் இதைவிட முக்கியமான கவலை, மரப்பட்டறைத் தூள். பக்கத்துத் தச்சுப் பட்டறையில் ஒரு சாக்கு சும்மாவே கிடைக்கும். அதில் தேக்கும் வேம்பும் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. இன்றைய பட்டறையில் பாதி வேலை பிளைவுட், எம்டிஎஃப் பலகைகளில் நடக்கிறது. அவற்றின் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. கரையான் மருந்து அடித்த மரமும் வார்னிஷ் பூசிய மரமும் அதே ரம்பத்தில்தான் அறுபடுகின்றன. தூளைப் பார்த்து எது எது என்று பிரிக்க எவராலும் முடியாது. பாய்லருக்கும் ஓட்டல் அடுப்புக்கும் விற்கிற எரிபொருள் பெல்லட்டும் அப்படியே: கடலைத்தொலி, பண்ணைக்கழிவு, பழைய மரம் எல்லாம் கலந்திருக்கலாம். எரிப்பதற்காகச் செய்ததை முயல் கடிக்கும் இடத்தில் போடாமல், பிராணிகளுக்கென்றே செய்த, சேர்க்கை எதுவும் இல்லாத பெல்லட்டைத்தான் வாங்க வேண்டும்.

ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பூனை, ஒரு முயல். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டிபடும் களிமண் பை. பூனை வாரத்தில் மூன்று நான்கு முறை இருமுகிறது, மருத்துவர் லேசான ஆஸ்துமா என்றிருக்கிறார். இந்த வீட்டில் முதலில் மாற வேண்டியது முயலின் பெட்டி, அதுவும் அன்றைக்கே. முயலுக்கு மண்மேல் பற்று எதுவும் கிடையாது, புல் இருக்கும் இடம்தான் அதன் இடம். பெட்டியைக் கழுவிக் காயவைத்து, மரப் பெல்லட்டை இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பரப்பி, மேலே கைகொள்ளும் அளவு காய்ந்த புல்லைப் போட்டால் போதும். நனைந்த பெல்லட் பருத்து எழும் என்பதால் அதற்குமேல் கொட்டுவது வீண். இரண்டு நாளைக்கொருமுறை மொத்தமாக மாற்றிவிட்டு, பெட்டியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புக் கறையை வினிகர் ஊற்றித் தேய்த்துக் கழுவலாம். முயலின் சிறுநீரில் கால்சியம் நிறையப் போவதால் வரும் கறை அது, நோயல்ல.

பூனையை இப்படி ஒரே நாளில் மாற்ற முடியாது. கால் அறிந்த மண் காணாமல் போனால் அது சோபாவுக்குப் பின்னாலோ துவைக்கப் போட்ட துணியிலோ போய்விடும். பழைய பெட்டியை அப்படியே விட்டு, பக்கத்தில் காகிதப் பெல்லட் போட்ட இன்னொரு பெட்டியை வைக்க வேண்டும். பழைய பெட்டியிலும் நான்கைந்து நாளைக்கொருமுறை கால் பங்கு களிமண்ணைக் குறைத்துக் காகிதத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தால், இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான பூனைகள் ஏற்றுக்கொள்ளும். உருளைப் பெல்லட்டை மிதிக்க மறுக்கிற பூனைக்கு, அதையே உடைத்த குருணை வடிவில் வரும் காகிதம் ஒத்துவரும். எதற்கும் இணங்காத பூனைக்கு, வாசனை சேர்க்காத, தூசி குறைந்த களிமண்ணே தொடரட்டும். அப்போது கொட்டும் விதத்தை மாற்ற வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, பூனையை வேறு அறையில் விட்டு, பையின் வாயைத் தட்டின் அடியோடு ஒட்டிவைத்துச் சரியவிட்டு, கால்மணி நேரம் ஜன்னலைத் திறந்துவைத்த பிறகே பூனையை உள்ளே விட வேண்டும். மூடி போட்ட பெட்டியாக இருந்தால் மூடியைக் கழற்றிவிடுவது நல்லது. தூசியும் நெடியும் உள்ளேயே சுழலும் குகை அது. பழைய களிமண்ணைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விடக் கூடாது. டம்ளரில் நடந்தது குழாயிலும் நடக்கும்.

மாற்றும் அந்த இரண்டு மூன்று வாரமும் இருமலைக் காலண்டரில் குறித்துவந்தால், பொருளை மாற்றியதில் பலன் உண்டா என்பது கண்ணுக்குத் தெரியும். குறையவில்லை என்றால் ஊதுபத்தி, கொசுவர்த்தி, சாம்பிராணி என்று வீட்டின் வேறு புகைகளைச் சந்தேகிக்கலாம். அதே நாட்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. உருண்டை எண்ணும் வசதி காகிதத்தில் போய்விடுவதால், பெட்டி உண்மையிலேயே நனைகிறதா என்று கையுறை போட்டுக் கிளறிப் பார்க்க வேண்டும். ஆண் பூனை புதிய பெட்டிக்குள் போய்ப் போய் முக்கிவிட்டு, ஒரு சொட்டும் விடாமல் வந்தால், பொருள் பிடிக்காத பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம், அன்றே, இரவானாலும், மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.